புல்லட்டுக்கு அடியில் ஆயில் சொட்டுகிறதா? கசிவின் ஊற்றைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய கேஸ்ட் அயர்ன் புல்லட் 350 வாங்கிய எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு காலைப்பொழுது வரும். வண்டியை நகர்த்தினால் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்பார். மெக்கானிக்கிடம் போனால் "மொத்தப் பேக்கிங்கும் மாத்திடலாம்" என்பார். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வண்டியை ஓட்டுகிறேன், வீட்டு வாசலில் வைத்து நானே பிரித்து மாட்டுகிறேன். என் அனுபவத்தில் இரண்டு பேச்சுமே சரியில்லை. சில கசிவுகளை வருஷக்கணக்கில் விட்டுவைக்கலாம். சிலவற்றைப் பார்த்த இடத்திலேயே வண்டியை நிறுத்த வேண்டும். எது எந்த வகை என்று தெரிய, ஆயில் எங்கே சொட்டுகிறது என்பதை விட்டுவிட்டு எங்கே கிளம்புகிறது என்று தேட வேண்டும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இங்கே சொல்வது எல்லாம் இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனி என்று இருக்கும் பழைய இன்ஜினுக்கு. புதிய யூனிட் இன்ஜின்களில் அமைப்பு வேறு.

முதலில் மூன்று ஆயிலையும் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வண்டியில் மூன்று இடத்தில் தனித்தனியாக ஆயில் இருக்கிறது. இன்ஜினுக்குள் 20டபிள்யூ50 ஆயில், இரண்டேகால் லிட்டர் அளவுக்கு. இதற்குத் தனி டேங்க் வெளியே கிடையாது. கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஓர் அறை, அதுதான் டேங்க். அடுத்தது இடதுபக்கம் இருக்கும் பிரைமரி கேஸ். கிளட்சும் பிரைமரி செயினும் அதற்குள்ளே அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆயிலில் ஓடுகின்றன. மூன்றாவது கியர்பாக்ஸ். அதில் கெட்டியான கியர் ஆயிலோ, கிரீஸ் கலந்த ஆயிலோ இருக்கும்.

தரையில் கிடக்கும் துளியை விரலில் தொட்டு, மோந்து பாருங்கள். இன்ஜின் ஆயில் கறுத்து, நீர்த்து, லேசாகக் கருகிய வாசனையோடு இருக்கும். கியர் ஆயில் விரலில் நூலாக இழுபடும், கந்தக நாற்றம் அடிக்கும். ஒருமுறை மோந்தால் மறக்காது. பிரைமரி ஆயில்தான் குழப்பும். பலர் அங்கேயும் அதே இன்ஜின் ஆயிலைத்தான் ஊற்றுகிறார்கள். ஆனால் அதில் பெட்ரோல் கருகிய வாசனை இருக்காது, கிளட்ச் பிளேட் தேய்ந்த பொடி மட்டும் நறநறவென்று தெரியும். பின்சக்கரப் பக்கம் கீல் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடப்பது பெரும்பாலும் செயினுக்கு நாம் போட்ட எண்ணெய்தான். அதைக் கசிவு என்று நினைத்து இன்ஜினைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழுவி, பவுடர் போட்டு, காத்திருங்கள்

அழுக்கு இன்ஜினில் கசிவைத் தேட முடியாது. காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், அதன் எடை கீழே இழுக்கும், கூலிங் ஃபின்கள் அதைப் பக்கவாட்டில் நடத்திக்கொண்டு போகும். மேலே ராக்கர் கவரில் கிளம்பிய ஆயில் கிராங்க்கேஸ் அடியில் வந்து சொட்டும். பார்க்கிறவர் கிராங்க்கேஸ் பேக்கிங்தான் போச்சு என்பார்.

இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் டீசல் தொட்டு எல்லா இணைப்புகளையும் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து அதிகம். டீசல் பின் டயரிலும் பிரேக் டிரம்மிலும் படாமல் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர், பிறகு பனியன் வேஸ்ட்டால் துடைத்து ஒருமணி நேரம் வெயிலில் விடுங்கள். பிரஷர் வாட்டரை மட்டும் அடிக்காதீர்கள். பாயின்ட் பெட்டிக்குள்ளும் கார்புரேட்டருக்குள்ளும் தண்ணீர் போய்விட்டால் அது வேறு வேலை.

காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரை உள்ளங்கையில் கொட்டி, இணைப்புகள் மேல் ஊதுங்கள். இன்ஜின் முழுக்க மெல்லிய வெள்ளைப் படலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இனி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பத்து நிமிஷம் ஐடிலில் ஓடவிட்டு, கையில் டார்ச்சோடு பக்கத்தில் உட்காருங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகை ஆளைச் சாய்த்துவிடும்.

ஆயில் வரும் இடத்தில் பவுடர் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு ஒரு கோடாகக் கீழே இறங்கும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் நாம் தேடுவது. பத்து நிமிஷத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஓட்டிய பிறகு நனைந்த இடங்களில் மிக உயரமானதையும், மிக முன்னால் இருப்பதையும் பாருங்கள். பின்னால், கீழே நனைந்திருப்பது எல்லாம் அங்கிருந்து காற்றில் போனதாக இருக்கலாம்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, முன்சக்கரப் பக்கம் எது என்று ஓர் அம்புக்குறி போட்டு வையுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் நின்றால் எல்லா ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கி, எல்லாக் கசிவும் பிரைமரிக் கசிவு மாதிரியே தெரியும்.

எந்தப் பேக்கிங்கைத் தொடும் முன்னும் பிரீதர் ட்யூபைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

இது ஒற்றை சிலிண்டர் இன்ஜின். பிஸ்டன் 70 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கிராங்க்கேஸுக்குள் அழுத்துகிறது. இரண்டு சிலிண்டர் இன்ஜின்கள் சிலவற்றில் ஒரு பிஸ்டன் இறங்கும்போது இன்னொன்று ஏறும், உள்ளே காற்று சமமாகிவிடும். இங்கே அந்த வசதி இல்லை. அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர்.

பழைய அமைப்பில் பிரீதரில் வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். பிஸ்டன் இறங்கும்போது அதன் உதடுகள் விரிந்து காற்றை வெளியே விடும். ஏறும்போது உதடுகள் ஒட்டிக்கொண்டு வெளிக்காற்றை உள்ளே விடாது. நாலைந்து சுற்றிலேயே கிராங்க்கேஸுக்குள் வெளியே இருப்பதைவிடக் காற்றழுத்தம் குறைந்துவிடும். அதனால் ஒரு பேக்கிங் கொஞ்சம் லூசாக இருந்தாலும், ஆயில் வெளியே வருவதற்குப் பதில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். நல்ல பிரீதர் இருக்கும் புல்லட் பழைய பேக்கிங்கோடும் காய்ந்துபோய் நிற்பது இதனால்தான்.

அந்த வால்வு இறுகிப்போனாலோ, ட்யூப் மடங்கினாலோ, உள்ளே அழுக்கு அடைத்தாலோ எல்லாம் தலைகீழாகும். உள்ளே அழுத்தம் ஏறும். ராக்கர் கவர், டேப்பட் கவர், பாயின்ட் பின்னால் இருக்கும் ஆயில் சீல், பிரைமரிக்குப் போகும் கிராங்க் சீல் என்று பலவீனமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஆயில் பிதுங்கும். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடத்தில் கசிவு ஆரம்பித்தால், பேக்கிங்குகளைச் சந்தேகப்படாமல் பிரீதரைச் சந்தேகப்படுங்கள். மூன்று பேக்கிங் ஒரே வாரத்தில் சொல்லிவைத்த மாதிரி கெடாது.

சோதிப்பது சுலபம். பிரீதரின் இடம் வண்டியின் வருஷத்தைப் பொறுத்து மாறும். கிராங்க்கேஸில் இருந்து கிளம்பும் ரப்பர் ட்யூபைப் பிடித்துக்கொண்டே போனால் அது பின்னால் ஓரிடத்தில் திறந்திருக்கும், அல்லது ஒரு சின்ன டப்பாவுக்குள் போகும், அல்லது ஏர் ஃபில்டர் பக்கம் போகும். வழி முழுக்க விரலால் அழுத்திப் பாருங்கள். எங்காவது நசுங்கியிருக்கிறதா, கூழ் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டதா என்று தெரியும்.

அப்புறம் கடைசி முனையைக் கழற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பஸ் டிக்கெட் அளவு மெல்லிய காகிதத் துண்டை அந்த முனைக்கு அருகில் பிடியுங்கள். வால்வு நன்றாக இருந்தால் முதலில் காகிதம் வெளிப்பக்கமாகப் படபடக்கும். ஒரு நிமிஷம் போனால் படபடப்பு குறைந்து லேசாக மட்டும் ஆடும். உள்ளே காற்று குறைந்துவிட்டது, இனி பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் சிறு கசிவுக் காற்று மட்டும்தான் வெளியே வருகிறது என்று அர்த்தம். காகிதம் முனையில் ஒட்டுவதும் விலகுவதுமாக இருந்தால் வால்வு மூடவில்லை. காகிதம் அசையவே இல்லை என்றால் வழி அடைத்திருக்கிறது. காகிதம் விடாமல் பலமாக வெளியே தள்ளப்பட்டு, கூடவே நீலப்புகையும் வந்தால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அதை எந்தப் பேக்கிங்கும் சரிசெய்யாது. ஒருவழி வால்வே இல்லாமல் திறந்த குழாயாக இருக்கும் வண்டியில் காகிதம் உள்ளேயும் வெளியேயும் போவது இயல்புதான். உங்கள் வண்டியில் வால்வு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்யூபின் முனையைத் தண்ணீர்ப் பாட்டிலில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். வால்வு கெட்டிருந்தால் இன்ஜின் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

என் வண்டியில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன் என் 1996 மாடலில் டேப்பட் கவர் ஒழுக ஆரம்பித்தது. சிலிண்டருக்கு வலதுபக்கம், கீழே, நடுவில் ஒரே நட்டோடு இருக்கும் மூடி அது. புதுப் பேக்கிங் போட்டேன். பத்து நாளில் திரும்ப ஒழுகியது. இந்த முறை நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டேன். ஒழுகல் கூடியது. அதே சமயம் பின்பக்க ராக்கர் கவரின் ஓரமும் ஈரமாகியிருந்தது, பாயின்ட் பெட்டிக்குள்ளும் எண்ணெய்ப் பிசுக்கு.

மூன்றாவது முறை பேக்கிங் வாங்கக் கடைக்குப் போன பிறகுதான், மூன்று இடமும் ஒன்றாகக் கெட்டிருப்பது உறைத்தது. திரும்பி வந்து பிரீதர் ட்யூபைப் பின்தொடர்ந்தேன். ஒரு மாதத்துக்கு முன் பேட்டரியை மாற்றியபோது, பழைய ட்யூபை எடுத்துவிட்டு மெல்லிய சுவருள்ள ட்யூபை நானே போட்டிருந்தேன். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் அது வளையும் இடத்தில், குளிர்ந்திருக்கும்போது வட்டமாகத்தான் இருந்தது. இன்ஜின் சூடானதும் ரப்பர் இளகி, அந்த வளைவில் தண்ணீர்க் குழாய் மடங்குகிற மாதிரி மடங்கிக்கொண்டது. காகிதச் சோதனையைக் குளிர்ந்த இன்ஜினில் செய்தபோது நன்றாக இருந்தது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து செய்தபோது காகிதம் அசையவில்லை. அதனால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள், குளிரில் ஒன்று, சூட்டில் ஒன்று.

உள்ளே நூல் பின்னல் வைத்த கெட்டியான, ஆயிலுக்குக் கரையாத ட்யூப் வாங்கி, கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோனேன். எந்தப் பேக்கிங்கையும் மாற்றவில்லை. கழுவி, பவுடர் போட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தேன். ராக்கர் கவர் காய்ந்திருந்தது. பாயின்ட் பெட்டி காய்ந்திருந்தது. டேப்பட் கவர் மட்டும் நட்டுக்குக் கீழே கொஞ்சம் ஈரமாக இருந்தது.

அது நான் இறுக்கியதால் வந்தது. அந்த மூடி நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் நடுப்பகுதி உள்வாங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். மூடியைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து, ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். எதிர் மூலை எழுந்தது. கண்ணாடி மேல் 400 நம்பர் எமெரி பேப்பரை விரித்து, துளி ஆயில் விட்டு, மூடியை எட்டு வடிவத்தில் தேய்த்தேன். ஓரம் முழுக்க ஒரே மாதிரி பளபளப்பு வரும்வரை கால்மணி நேரம் ஆனது. பேக்கிங்கின் இரண்டு பக்கமும் செல்லாக் என்ற பசையை விரல்நுனியால் மெல்லிசாகத் தடவி, ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து, பேக்கிங் கவ்வும் அளவுக்கு மட்டும் இறுக்கினேன். நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரையும் மாற்றினேன், ஏனென்றால் ஸ்டட் வழியாகவும் ஆயில் வெளியே வரும். அன்றிலிருந்து அது காய்ந்துதான் இருக்கிறது.

விட்டுவைக்கலாம் என்பவை

ராக்கர் கவர் ஓரத்தில் தூசியைக் கறுப்பாக்கும் அளவுக்கு மட்டும் ஈரம் இருந்து, கோடாக இறங்கவில்லை என்றால் அதைத் தொட வேண்டாம். பிரைமரி கேஸின் அடியில் ராத்திரிக்கு ஒன்றிரண்டு துளி விழுவதும் அப்படித்தான். அந்த மூடியும் ஒரே நட்டில் நிற்கிறது, சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம்தான் ஆயிலைத் தடுக்கிறது. பலமுறை அது கசிவதற்குக் காரணம் வளையம் இல்லை, லெவல் போல்ட்டைத் திறந்து பார்க்காமல் அளவுக்கு மேல் ஊற்றியதுதான். லெவல் போல்ட்டைத் திறந்து அதிகமானதை வடியவிடுங்கள். அப்புறமும் சொட்டினால், அடுத்த முறை கிளட்சுக்காகத் திறக்கும்போது வளையத்தை மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் இரவில் நாலைந்து துளி விழுந்தால் மொத்தமே கால் மில்லி அளவுதான். அட்டையில் பெரிதாகப் பரவிப் பயமுறுத்தும், ஆனால் ஒரு மாதம் முழுக்க விழுந்தாலும் ஒரு டீ கிளாஸின் அடிமட்டம்கூட நிறையாது. உண்மையான கணக்கு டிப் ஸ்டிக்கில் இருக்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒரே மாதிரி நிலையில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

பிரீதர் முனையில் மழைக்காலத்தில் தயிர் மாதிரி வெள்ளையாக ஏதோ வரும். கார் வைத்திருக்கிறவர்கள் அதைப் பார்த்தால் ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்துவிட்டது என்பார்கள். இந்த இன்ஜினைக் குளிர்விப்பது காற்று, கலப்பதற்கு உள்ளே தண்ணீரே இல்லை. பக்கத்துக் கடைக்குப் போய் வருவதற்கு மட்டுமே வண்டியை எடுத்தால் இன்ஜின் முழுசாகச் சூடாகாமல், உள்ளே வியர்த்த ஈரம் ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டினால் போய்விடும். அது ட்யூபை அடைக்கும் அளவுக்குச் சேர்ந்தால் மட்டும் ட்யூபைக் கழற்றிக் கழுவுங்கள்.

பயமுறுத்தி ஆனால் ஆபத்தில்லாத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருஷம் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஓடிவந்தான். "அண்ணே, வண்டி ரெண்டு மாசமா நின்னுச்சு. ஸ்டார்ட் பண்ணா ஒரே புகை, பிரீதர் வழியா ஆயிலா கொட்டுது. இன்ஜின் போச்சாண்ணே?"

"ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஆயில் ஊத்துனியா தம்பி?"

"குச்சியில ஆயிலே காட்டலைண்ணே. அரை லிட்டர் ஊத்துனேன்."

அங்கேதான் விஷயம். இந்த இன்ஜினில் ஒரு பம்ப் டேங்கிலிருந்து ஆயிலை அனுப்புகிறது, இன்னொரு பம்ப் கிராங்க் அறையில் விழுந்ததைத் திரும்ப டேங்குக்கு இழுக்கிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் டேங்க் ஆயில் பம்ப் வழியாக மெதுவாக இறங்கிக் கிராங்க் அறையில் தேங்கும். டேங்கில் குச்சி காய்ந்திருக்கும், ஆனால் ஆயில் எங்கும் போகவில்லை. அதை நம்பிப் புது ஆயில் ஊற்றினால் மொத்தம் அதிகமாகிவிடும். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அந்தக் குளத்தை அடித்துக் கடைகிறது, பிரீதர் கக்குகிறது.

அவனை இன்ஜினை அணைக்கச் சொல்லி, ஆறவிட்டு, கிராங்க்கேஸ் அடியில் கிராங்க் அறைக்கான ட்ரெயின் போல்ட்டைத் திறந்து தேங்கியதை ஒரு கிண்ணத்தில் பிடித்தோம். பிறகு வாஷர் வைத்து மூடி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துக் குச்சியைப் பார்த்தோம். குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்கோட்டுக்குக் கீழேயே நிறுத்தினோம். புகை நின்றது, பிரீதர் காய்ந்தது. குச்சியை எப்போதுமே இப்படி ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

உடனே நிறுத்த வேண்டியவை

முதலாவது, பின் டயரிலோ பின் பிரேக்கிலோ ஆயில் தெரிந்தால். அளவு எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். டயரின் ஓரத்தில் படர்ந்த ஒரு ஸ்பூன் ஆயில், வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது நம்மைத் தரையில் போட்டுவிடும். இது பெரும்பாலும் கியர்பாக்ஸ் ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீலிலிருந்து வரும். கியர் ஆயில் செயினில் ஏறி, செயின் அதைப் பின்னால் கொண்டுபோகிறது. இந்த வண்டியில் பின் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே உறுப்பு என்பதால் பிரேக்கும் அதே பக்கம்தான் இருக்கிறது. விரலில் தொட்டு மோந்து பார்த்தால் கந்தக நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். பிரீதர் ட்யூபின் முனை கழன்று டயர் பக்கம் திரும்பியிருந்தாலும் இதே நிலைதான் வரும், அதையும் பாருங்கள். டயரைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிரேக் ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

அந்த சீலை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்ட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் சிக்கினால், புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து சில வாரத்தில் ஒழுகும். இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம், இல்லையென்றால் தேய்ந்த உறுப்பையே மாற்ற வேண்டும். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் அன்றே ஒழுகும்.

இரண்டாவது, வெளியே ஓடும் ஆயில் பைப். டைமிங் கவரிலிருந்து ராக்கர்களுக்கு ஆயிலைக் கொண்டுபோகும் மெல்லிய பைப் அது. அதன் இரண்டு முனையிலும் துளை போட்ட போல்ட்டும் செம்பு வாஷர்களும் இருக்கும். மற்ற கசிவுகளில் ஆயில் தானாக வழிகிறது, இங்கே பம்ப் தள்ளுகிறது. ஐடிலில் ஈரமாக இருப்பது ஹைவேயில் பீச்சும். ஆயில் வெளியே போகும் அதே நேரத்தில் மேலே ராக்கர்களுக்கு ஆயில் போய்ச்சேராது. போல்ட்டை இறுக்கிப் பார்க்காமல் வாஷரை மாற்றுங்கள். புதிது கிடைக்காவிட்டால் பழைய செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் திரும்ப மிருதுவாகும், மறுபடி நன்றாகக் கவ்வும். பைப்பிலேயே வெடிப்பு இருந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

மூன்றாவது, வெளியே எங்கும் கசிவு இல்லாமல் இன்ஜின் ஆயில் குறைந்துகொண்டே வந்து, கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால். பிரைமரி லெவல் போல்ட்டைத் திறங்கள். அங்கே ஊற்றாத ஆயில் வழிந்தால், கிராங்க் சீல் வழியாக இன்ஜின் ஆயில் பிரைமரிக்குள் போகிறது. இங்கேயும் முதலில் பிரீதர், அப்புறம்தான் சீல். அடைத்த பிரீதரோடு புதுச் சீல் போட்டால் அதுவும் தள்ளப்பட்டுவிடும்.

சைலன்சர் பைப்பின் மேல் ஆயில் சொட்டிப் புகைந்தாலும் ஓட்டக்கூடாது. ட்ரெயின் போல்ட்டில் சொட்டு நாளுக்கு நாள் கூடினால், அலுமினிய மரை போய்க்கொண்டிருக்கிறது. இறுக்க இறுக்க மோசமாகும், ஒருநாள் போல்ட் வழியிலேயே விழுந்துவிடும். லேத்தில் கொடுத்து மரையைச் சரிசெய்யுங்கள்.

ஹெட்டும் சிலிண்டரும் சேரும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த இன்ஜினில் புஷ்ராடுகள் சிலிண்டர் வார்ப்புக்குள்ளேயே வலதுபக்கம் மேலே போகின்றன, அதனால் அங்கே ஹெட் பேக்கிங் ஆயிலையும் தடுக்க வேண்டியிருக்கிறது. வலதுபக்க ஃபின்களில் சுத்தமான ஆயில் ஈரம் மட்டும் என்றால் காத்திருக்கலாம், ஹெட் நட்டுகளைச் சரியான அளவில் மறுபடி இறுக்கினாலே பல சமயம் நிற்கும். ஆனால் கரியோடு கறுப்பாகத் தெறித்திருந்து, ஓடும்போது "சிக் சிக்" என்று சத்தம் வந்தால், எரியும் வாயுவே வெளியே வருகிறது. சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் குமிழி விடும். அதோடு ஓட்டினால் ஹெட்டின் முகமே அரித்துப்போகும், பேக்கிங் செலவில் முடிய வேண்டியது லேத் செலவில் முடியும்.

பேக்கிங் போடும்போது

சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கிப் போடும் பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. வெளியே பிதுங்கி நிற்கும் அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துண்டு அறுந்து விழுந்தால் பம்ப்புக்கோ ஆயில் போகும் துளைக்கோ போய் அடைக்கும். பேக்கிங் இருக்கும் இடத்தில் செல்லாக் மெல்லிய பூச்சே போதும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே ஆயிலுக்கு வாய்க்கால். மரக்குச்சியைச் சீவி வைத்துக்கொண்டு, தின்னரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

ஒரு நேரத்தில் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்து, கழுவி, பவுடர் போட்டு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நாலு பேக்கிங்கை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும், அடுத்த முறை ஒழுகும்போது திரும்ப நாலையும் பிரிக்க வேண்டியிருக்கும். என் வண்டியின் டூல் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தேதி, கிலோமீட்டர், குச்சியில் எவ்வளவு, எங்கே ஈரம் என்று நாலு விஷயம் எழுதுவேன். இப்போதைக்கு அதில் பிரைமரி அடியில் ராத்திரிக்கு இரண்டு துளி என்று இருக்கிறது, எட்டு மாதமாக அதே இரண்டு துளி. மூன்றானால் லெவல் போல்ட்டைத் திறந்து பார்ப்பேன்.